கல்லைத் தூக்கத் தெரியாதவர்கள்

தட்டாஞ்சாவடியில் கிரைண்டர் செய்யும் எங்கள் கம்பெனிக்கு 2008இல் தாமரைச்செல்வி வந்தாள். நெல்லித்தோப்பு மில் தொழிலாளியின் மகள். மூன்று மாத சோதனை வேலை. கிரைண்டரோடு தரும் கையேட்டை எழுத வேண்டும். முதலாளிக்குப் பிடிக்காவிட்டால் வீட்டுக்கு. அவள் சம்பளத்தில்தான் அந்த வீடே ஓடியது.

முதலாளி தெய்வசிகாமணி தலைப்புப் பட்டியலை அவரே தந்துவிட்டார். முதலில் அவர் அப்பா படம், அப்புறம் கம்பெனி வரலாறு, அப்புறம் கோயமுத்தூர் கல்லின் பெருமை. கல்யாணப் பத்திரிகையே தோற்றுப்போகும்.

இவள் அதை ஓரமாக வைத்துவிட்டுச் சமையல் இணையதளங்களில் நுழைந்தாள். விவாதங்களிலும் பின்னூட்டங்களிலும் பெண்கள் கேட்டிருந்த கேள்விகளை, ஒரு எழுத்து மாற்றாமல் நோட்டில் எழுதினாள். ஒரே ஆள் நாலு இடத்தில் கேட்டிருந்தால் ஒன்றாகத்தான் எண்ணினாள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துக் கட்டினாள். அதிகம் பேர் கேட்டதையே முதல் தலைப்பாக வைத்தாள். மீதியைச் சமையலறையில் வேலை நடக்கிற வரிசையில். வேலையே போய்விடக்கூடிய நேரத்தில் இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ, எனக்குப் பொறாமையாக இருந்தது.

முதல் தலைப்பைப் பார்த்ததும் முதலாளி கொதித்தார். “ ‘அரைச்சதும் பாத்திரத்த எப்பிடித் தூக்குறது?’ இது ஒரு கேள்வியா? எதிரி கம்பெனிக்காரன் எழுதி வுட்டிருப்பான்!”

“இருபத்தி மூணு பேர் கேட்டிருக்காங்க சார்.”

“படி, ஒண்ணு படி பாக்கலாம்!”

அவள் படித்தாள். “ ‘எங்க வீட்டுக்காரரே கிரைண்டர் கம்பெனி வெச்சிருக்காரு. மாவு அரைச்சிட்டு பாத்திரத்த தூக்குனா இடுப்பு புடிச்சிக்குது. அவராண்ட கேட்டா கோயமுத்தூர் கல்லும்மான்னு சொல்றாரு. யாராச்சும் சொல்லுங்களேன்.’ மாவுக்காரின்னு பேர் போட்டிருக்கு சார்.”

பக்கத்து மேசையில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த முதலாளியம்மா தனக்கொடியின் கை நின்றது. பிரான்சிலிருக்கும் மகளோடு பேச வாங்கிய கம்ப்யூட்டர் வேறு வேலைக்கும் பயன்பட்டது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“என்னாண்ட கேக்கக் கூடாதா?” முதலாளியின் குரல் இறங்கியிருந்தது.

“மூணு வருசமா கேட்டுட்டுதான இருக்கேன்.”

“அங்க பதில் வந்துச்சா?”

“பதினோரு பேரு எனக்கும் அதான்னு எழுதுனாங்க. ஒருத்தருக்கும் தெரியல.”

அவர் எழுந்து காட்சிக்கு வைத்திருந்த கிரைண்டரிடம் போனார். பாத்திரத்தை அப்படியே தூக்கினார். முகம் சிவந்ததுதான் மிச்சம். பிறகு பூட்டைத் திருகி, உள்ளிருந்த கற்களை முதலில் வெளியே எடுத்து வைத்தார். பாத்திரம் லேசாக வந்தது.

“கல்ல மொதல்ல எடுத்துடணும்” என்றார், யாரையும் பார்க்காமல்.

தாமரைச்செல்வி அதை முதல் தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டாள். அவர் அதை அடிக்கவில்லை. பட்டியலில் முதலில் இருந்த தன் அப்பா படத்தைத்தான் அடித்தார்.

தனக்கொடி அந்தப் பாத்திரத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“இவ்ளோதானா?” என்றார். “இதுக்கா மூணு வருசம் தைலம் தேச்சேன்?”