பாதி வாக்கியத்தில் நின்ற பாலிசிகள்

ஆயுள் இன்சூரன்ஸ் விற்கிறவனுக்கு ஒரு சைக்கிளும் ஒரு வாயும் இருந்தால் போதும். மூளையை எங்கள் கம்பெனி கேட்டதே இல்லை. வாயை நம்பிப் பிழைக்கும் சக பாவிகளே, யாரிடம் நல்ல பேர் வாங்க வேண்டுமோ அவர் முன்னால் பாதி வாக்கியத்தில் தலைக்குள் விளக்கு அணைந்துபோன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், மலாக்காவைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலும் டவுன்களிலும் நான் அலைந்த காலத்தில் அது எனக்கும், என்னைவிடப் பெரிய மனிதர்களுக்கும் எப்படியெல்லாம் நடந்தது என்று சொல்கிறேன். ஆறுதலாக இருக்கும்.

முதல் பாதி மட்டும்

எங்கள் ஏரியா மேனேஜர் கனகசபை மலாக்கா டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து எங்களுக்குப் 'பேச்சு' சொல்லிக்கொடுத்தார். பேச்சு என்றால் சிங்கப்பூரில் எவனோ எழுதிய இங்கிலீஷ் உரை. கமா, முற்றுப்புள்ளி உட்பட நெட்டுருப் போட வேண்டும். ஒரு சொல் மாறினாலும் "மறுபடியும் முதலிலிருந்து!" என்பார். கிளிக்குச் சொல்லிக்கொடுக்கிறவனுக்காவது கிளி மேல் கொஞ்சம் பாசம் இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து பெரிய மேனேஜர் வந்த அன்று, எங்களுக்கு முன்மாதிரி காட்ட கனகசபையே எழுந்து பேசினார். நடுவில் "எ பிரூடெண்ட் மேன்" என்ற இடத்தில் நின்றார். வியர்த்தார். நின்ற இடத்திலிருந்து மேலே போகத் தெரியவில்லை. நெட்டுருவில் அதுதான் சங்கடம்: ஒவ்வொரு சொல்லும் அதற்கு முந்தின சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவது; ஒரு வால் நழுவினால் பின்னால் வருகிறதெல்லாம் போச்சு. மனிதர் முதலிலிருந்து ஆரம்பித்தார், முன்னைவிட வேகமாக. அதே பள்ளத்தில் முன்னைவிட வேகமாக விழுந்தார். பிறகு இன்னொரு தடவை. பேச்சின் பொருள் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் தமிழில் சொல்லித் தப்பித்திருப்பார். பொருளை அவர் என்றைக்கு யோசித்தார்?

பெரிய மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிஸ்டர் கனகசபை, முதல் பாதி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டாம் பாதிக்கு நான் மறுபடியும் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டுமா?"

துரை முடித்துக்கொடுத்த வாக்கியம்

டுரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டம். வெள்ளைக்காரத் துரை சம்மதித்தால்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் போய் ஆட்களிடம் பேசலாம். சுற்றிலும் முள்கம்பி வேலி, வாசலில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். துரையின் மேசை மேல் டீ கப், அதற்குப் பக்கத்தில் ரிவால்வர். ஒரு நல்ல பேச்சாளனுக்கு வேண்டிய சூழ்நிலைதான்.

என் இங்கிலீஷைக் கேட்டு அவர் அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசைதான் கெடுத்தது. பேசிக்கொண்டே, நான் பேசுவதை நானே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். இலக்கணம் சரியா, உச்சரிப்பு சரியா, துரை புருவத்தைத் தூக்கினாரா? ஒரே தலைக்குள் பேசுகிறவனும் பரீட்சை வைக்கிறவனும் குடியிருந்தால் பேசுகிறவன்தான் வீட்டைக் காலி பண்ணுவான். "ஐயா, ஒருவேளை தங்களுக்கு…" என்று வந்தேன். அவ்வளவுதான். வெள்ளைச் சுவர். போன சொல்லைத் துரத்தினேன். துரத்தத் துரத்த அது ஓடியது. "தட் ஈஸ்… ஐ மீன்… தட் ஈஸ்…" என்று சும்மா இருக்க மாட்டாமல் உளறினேன். அந்த உளறலால், போன சொல் திரும்பி வர இருந்த கொஞ்ச இடமும் அடைபட்டது.

துரை டீயை வைத்தார். பக்கத்துத் தோட்டத்துத் துரையைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்று அதிக நாள் ஆகவில்லை. அவர் அமைதியாகச் சொன்னார்: "நீ தேடுகிற வார்த்தை 'மரணம்' என்று நினைக்கிறேன். இந்தப் பக்கத்தில் அது யாரும் தேடாமலே வருகிறது."

ராஜுவின் இருமல்

என்னோடு வேலை பார்த்த ராஜு, மறந்துபோனால் வெளியே காட்டக்கூடாது என்ற கட்சி. "சமாளிக்கணும்லா, கண்டுபிடிக்க விடக்கூடாது" என்பான். அவனுடைய சமாளிப்பு இருமல். சொல் வரவில்லையா, இருமு. சொல் வருகிற வரைக்கும் இருமு.

சுங்கை ரம்பாயில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. கையில் பணம் உள்ள மனிதர், பாலிசி எடுக்கத் தயாராகவே இருந்தார். ராஜு அவர் முன்னால் "இதுல என்ன விசேஷம்னா" என்று கையைத் தூக்கினான். விசேஷம் மறந்துவிட்டது. இருமினான். இருமுகிறவனுக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டினால் பயம் கூடும். பயம் கூடினால் மறந்தது வருமா? வரவில்லை. மறுபடியும் இருமினான். கடைப் பையன்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். "மறந்துட்டேன் ஐயா, ஒரு நிமிஷம்" என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். மறதியை மன்னிக்க முதலாளி தயாராகத்தான் இருந்தார். ஆனால் ராஜு கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டே இருந்தான்.

முதலாளி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டு கேட்டார்: "தம்பி, இந்த நெஞ்சுக்கு எந்தக் கம்பெனிக்காரன் பாலிசி குடுத்தான்?"

எங்கே விட்டேன்?

புலாவ் செபாங்கில் ரயில்வே கூட்ஸ் கிளார்க் ஒருவர் இருந்தார். கறார் பேர்வழி. ஸ்டேஷனில் அவர் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள்; அவர் பாலிசி எடுத்தால் மற்றவர்களும் எடுப்பார்கள். அன்று மழை. வழியில் ரோட் பிளாக்கில் என் பையைக் கொட்டி, சோற்றுப் பொட்டலம் இருக்கிறதா என்று தேடி, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறவனைப் போல் நிறுத்தி வைத்திருந்தார்கள். நனைந்து வந்து சேர்ந்தபோது, யாரையும் மயக்க எனக்குத் தெம்பில்லை.

பேச்சு நடுவில் வழக்கம்போல் நின்றது. களைப்பில் உளறக்கூட முடியவில்லை. வாயை மூடினேன். மூச்சை மெதுவாக வெளியே விட்டேன். எனக்கு அது ஒரு யுகம். அவரோ அந்த நேரத்தில் மூக்குக் கண்ணாடியைக்கூடத் துடைத்து முடிக்கவில்லை. நமக்கு நீளமாகத் தெரிகிற மௌனம் எதிரில் இருப்பவருக்கு ஒரு மூச்சுதான் என்று அன்றுதான் கண்டேன். பிறகு சாதாரணமாகக் கேட்டேன், "மன்னிக்கணும் அண்ணே, எங்கே விட்டேன்?"

"தவணை கட்ட முடியாம போனா என்ன ஆகும்னு சொல்ல வந்தீங்க" என்றார்.

அந்த ஒரு நுனி கிடைத்ததும் மற்றதெல்லாம் வந்தது, அதுவும் நெட்டுரு இங்கிலீஷில் இல்லாமல், என் சொந்தத் தமிழில். கையெழுத்துப் போடும்போது அவர் சொன்னார்: "போன மாசம் ஒருத்தர் வந்து மூச்சு விடாம பேசினாரு. இவ்வளவு வேகமா உண்மைய யாராலயும் பேச முடியாதுன்னு அனுப்பிட்டேன்."

ரோட் பிளாக்கில் பரீட்சை

ஜாசின் ரோட்டில் ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி. அவர் நல்ல வார்த்தை சொன்னால் அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் தடையில்லாமல் போய்வர வசதியாக இருக்கும். ஆகவே நிமிர்ந்து நின்றேன். ஐசி என்ற அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூலிகள் குடியிருக்கும் இடத்தில் உனக்கு என்ன வேலை?" என்றார். வாயைத் திறந்தேன், "சார், ஐ கோ தேர் டு…" என் தொழில் பேரே மறந்துவிட்டது. மற்ற இடத்தில் மறந்தால் வியாபாரம் போகும். அங்கே மறந்தால் நாமே போக வேண்டும், லோரியில் ஏறி, எங்கே என்று தெரியாத இடத்துக்கு. ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டான்.

நின்றுபோன வாக்கியத்தை நான் இழுக்கவில்லை. அதை அப்படியே விட்டேன். பாதங்களைத் தரையில் அழுத்தி, அவர் கேட்டதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னேன்: "கூலிகள் குடியிருக்கும் இடத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்கள்." கேள்வியைத் திருப்பிச் சொல்வதற்குப் புதிதாக எந்தச் சொல்லும் வேண்டாம், சொற்கள் எதிராளி கொடுத்தவை. சொல்லி முடிப்பதற்குள் வாய் பழைய ஓட்டத்துக்கு வந்துவிடும். வந்தது. சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். "இன்சூரன்ஸ் விற்கிறேன். மாதம் ஒரு தடவை தவணை வாங்கப் போகிறேன். தோட்ட ஆபீஸ் பெரிய கிராணிக்கு என்னைத் தெரியும்."

அதிகாரிக்குச் சந்தேகம் தீரவில்லை. மலாய்க்கார சார்ஜென்ட்தான் சிரித்துவிட்டுச் சொன்னார்: "விட்டுடலாம் துவான். கம்யூனிஸ்டா இருந்தா நல்லா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பான்லா."

மூன்றாவது தகுதி

பெண் பார்க்கப் போனதையும் தொழிலில்தான் சேர்க்க வேண்டும். அங்கேயும் எதிர்காலத்தைத்தான் விற்றேன். பெண்ணின் அப்பா டவுனில் ஒரு ஆபீஸில் ஹெட் கிளார்க். என்னை உட்காரவைத்து ஒரு விரலை நீட்டினார். "ஒரு ஆம்பளைக்கு மூணு தகுதி வேணும். ஒண்ணு படிப்பு. ரெண்டு உத்தியோகம். மூணாவது…" விரல் மூன்று நீண்டிருந்தது, வாய் நின்றுவிட்டது.

என்னை மிரட்ட வந்தவர் என் எதிரிலேயே என் நோயில் விழுந்தார். அதற்கப்புறம் அவர் செய்யாத தவறில்லை. "படிப்பு, உத்தியோகம்" என்று மறுபடியும் முதலிலிருந்து வந்தார். ஃபேன் சத்தத்தைத் திட்டினார். மனைவி காப்பி கொண்டுவந்த நேரத்தைத் திட்டினார். சொல்லைத் துரத்திக்கொண்டு முகம் சிவந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அவமானத்தில் என்னை வெளியே அனுப்பிவிடுவார். எனக்கோ அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. காப்பித் தட்டோடு அம்மாவின் பின்னால் நின்று, சிரிப்பை அடக்கப் பட்டபாட்டிலேயே பிடித்துவிட்டது.

"அது வரும்போது வரட்டும் மாமா" என்றேன். "நீங்க ஆபீஸ்ல சேர்ந்தப்ப உங்க மேலதிகாரி எப்படி?" தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் மறக்கிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. உற்சாகமாக ஆரம்பித்தார். தேடுவதை விட்டால்தான் தொலைந்தது வரும். அதிகாரியின் கோபத்தைப் பற்றி வர்ணித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று மேசையில் குத்தினார். "நாணயம்! மூணாவது நாணயம்!" காப்பி சிந்தியது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தன்னை மடக்காத மாப்பிள்ளை என்று அன்றே சம்மதம் சொன்னார்.

தட்டைத் துடைக்க வந்த பெண் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "மூணாவது ஞாபகசக்தின்னு சொல்லிடுவாரோன்னு பயந்துட்டேன்."

இத்தனை வருஷத்தில், பேச்சு மறந்துபோனதால் என்னிடம் பாலிசி எடுக்காமல் போனவர்களைவிட, பேச்சு மறக்காமல் நான் முழுதாகப் பேசி முடித்ததால் எடுக்காமல் போனவர்களே அதிகம்.