மாமாவின் வயிறும் ஏறிப்போன ஒரு கோடும்

என் மாமா தீயணைப்பு நிலையத்தில் ஏணி ஏறுகிறவர். தீக்குப் பயப்படாத ஆள், இஞ்சு டேப்புக்குப் பயப்படுவார். மருத்துவச் சோதனையில் வயிற்றுச் சுற்றளவு தொண்ணூற்றாறு சென்டிமீட்டரைத் தாண்டினால் ஏணி கிடையாது, அலுவலக நாற்காலிதான். அதில் உட்காரச் சொன்னால் மனுஷன் உருகிவிடுவார்.

அதனால் என் கணினியில் அவருக்கு ஒரு கணக்கு ஓடியது. நடை எத்தனை நிமிடம், படி ஏறியது எத்தனை நிமிடம் என்று தினமும் பதிந்து, ஞாயிறன்று வார மொத்தம் போடுவோம். அன்று காலை வெறும் வயிற்றில் எடையும் சுற்றளவும் எடுப்போம். எல்லாம் வரைபடத்தில் கோடுகளாக ஓடும்.

முதலில் அளந்தவன் நான். ஒருநாள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு "நூத்தியெம்பது" என்றேன். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். அத்தை டேப்பைப் பிடுங்கி, இனி நான்தான் அளப்பேன் என்றாள். அவள் தையற்காரி. அவளைவிடச் சரியாக யாரால் அளக்க முடியும்?

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோடு தொண்ணூற்றெட்டில் இருந்தது. மாமா நாற்காலி வேலைக்கே எழுதிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். இனிமேல் படி ஏற மாட்டேன் என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றி எறிந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

திரும்ப வரைபடத்தைத் திறந்தேன். வார மொத்தம் ஏறுகிறது. எடை இறங்குகிறது. சுற்றளவும் இறங்கித்தான் வருகிறது, நடுவில் ஒரே ஒரு வாரம் மட்டும் மூன்று சென்டிமீட்டர் எகிறியிருக்கிறது. அந்த வாரம்தான் டேப் கை மாறியது. அதற்கு முன்னும் பின்னும் ஒரே சரிவு.

அத்தையை இன்னொரு முறை அளக்கச் சொல்லி, பக்கத்தில் குனிந்து பார்த்தேன். டேப்புக்கு உள்ளே அவளுடைய இரண்டு விரல் சுகமாக உட்கார்ந்திருந்தது.

"அத்தை, விரல் எதுக்கு?"

"பேன்ட்டுக்கு விரல் விட்டுத்தானேடா அளக்கணும்? இல்லேன்னா மனுஷன் எப்படி உக்காருவான்?"

"இவருக்கு பேன்ட் தைக்கலையே."

அத்தை விரலை உருவினாள். மாமா வயிற்றை எக்கினார்.

"மூச்ச விடுங்க. நான் உங்க பொண்டாட்டி, எங்கிட்ட என்ன எக்கல்?" என்றாள் அத்தை. அவர் விட்டார். தொண்ணூற்றைந்து.

பழைய எண்களை நான் திருத்தவில்லை. அந்த வாரத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு "அத்தை விரல்" என்று மட்டும் எழுதிவைத்தேன். மாமா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படி ஏறப் போய்விட்டார். அத்தை மட்டும் ரொம்ப நேரம் டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "நல்லாத்தான் இளைச்சிருக்காரு, நான்தான் மறைச்சு வச்சிருந்தேன்" என்றாள்.

சோதனையிலும் அதே தொண்ணூற்றைந்து. பிறகு வந்த பயிற்சி நாளில் வேடிக்கை பார்க்கப் போனேன். மாமா ஏணியின் உச்சியில் நின்றார். கீழேயிருந்து, "மாமா, தொப்பை தெரியுது!" என்று கத்தினேன்.

தெரியவே இல்லை.