அடிக்கு ஒரு நோட்டு

ஆரணியில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பதினெட்டு வருடம் ஆகிறது. அதில் பதினாறு வருடம் கணக்கு எடுத்தது நானா, என் பிரம்பா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பாடவேளை தொடங்கும்போது வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், வகுப்பே மூச்சை அடக்கிக்கொள்ளும். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கடைசியாக வைத்திருந்தது சாதாரணப் பிரம்பு அல்ல. என் மாணவி ஒருத்தியின் அப்பா பட்டுத் தறி நெய்பவர். அவரே சீவி, பதமாக எண்ணெய் போட்டு, கைப்பிடியில் அரக்கு நிறப் பட்டு நூல் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "கண்ண மட்டும் வுட்டுட்டு மீதிய உரிச்சிடுங்க டீச்சர். நான் ஒன்னும் கேக்க மாட்டேன்" என்றார். பெற்ற பெண்ணின் உடம்பை இப்படி மொத்தமாக எழுதிக் கொடுக்கும் பெருந்தன்மை எங்கள் ஊர் அப்பாக்களுக்கு நிறையவே உண்டு.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்து பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் பள்ளியும் சட்டத்தை மதிக்கிற பள்ளிதான். அந்தச் சுற்றறிக்கையை ஆசிரியர் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எங்கள் பிரம்புகளை அதற்குக் கீழே சாய்த்து வைத்திருந்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜூலையில் இரண்டு நாள் பயிற்சி என்று எங்களை அழைத்தார்கள். தலைப்பு, 'நேர்மறை ஒழுங்கு'. முதல் வரிசையில் உடற்கல்வி ஆசிரியர் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். பயிற்சி கொடுக்க வந்தவர் வேலூரிலிருந்து வந்த உளவியல் படித்த இளம்பெண். பார்த்தால் எங்கள் பழைய மாணவி மாதிரி இருந்தார். அதனாலேயே எங்களுக்குப் பிடிக்கவில்லை.

அடிக்கிற நிமிடத்தில் பிள்ளை அடங்கிவிடும், அதில் சந்தேகமில்லை என்று அவர் ஆரம்பித்தார். நாங்கள் வெற்றிப் புன்னகை புரிந்தோம். ஆனால் அடி நீண்ட நாளுக்கு நடத்தையைத் திருத்துவதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்றார். அதிகம் அடிபடும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் பயமும் பொய்யும் கூடுகின்றன, படிப்பு குறைகிறது என்றார்.

"முரட்டுப் பசங்கதான் அதிகம் அடி வாங்குவானுங்க. அடியால முரடானான்னு எப்பிடிம்மா சொல்றது?" என்று கேட்டேன். கணக்கு டீச்சர் அல்லவா? காரணத்தையும் விளைவையும் குழப்பினால் சும்மா விடமாட்டேன்.

"நல்ல கேள்வி டீச்சர். பாதிப் பேரை அடிச்சு, பாதிப் பேரை விட்டு சோதனை பண்ண முடியாது. அதனால வருஷக்கணக்கா பிள்ளைங்களைப் பின்தொடர்ந்து பாக்கறாங்க. முதல்லயே எவ்வளவு சேட்டை பண்ணாங்கங்கறதைக் கழிச்சிட்டுப் பாத்தாலும், அடிபட்டவங்க பின்னாடி இன்னும் மோசமாத்தான் ஆகறாங்க. பல நாட்டுலயும் பாத்திருக்காங்க. அடியால நல்லாச்சுன்னு காட்டற பக்கம்தான் காலியா இருக்கு."

விழித்துக்கொண்ட உடற்கல்வி ஆசிரியர் எழுந்தார். "அடியாத மாடு படியாதும்மா. நாங்கல்லாம் அடி வாங்கித்தான் இன்னிக்கி வாத்தியாரா ஒக்காந்துகினு கீறோம்." மண்டபமே கை தட்டியது.

"சரி சார். அடி வாங்கி, பள்ளிக்கூடமே வேணாம்னு பாதியில நின்னவங்க இந்த மண்டபத்துல எத்தனை பேர் இருக்காங்க?"

யாரும் கை தூக்கவில்லை. எப்படித் தூக்குவார்கள்? அவர்கள் அந்த நேரத்தில் வேறு எங்கெங்கோ வேலையில் இருந்தார்கள். என் அண்ணன் ஒருவன் ஏழாவதோடு நின்றவன். விசைத்தறிக் கூடத்தில் இருக்கிறான். வாய்ப்பாடு தப்பாகச் சொன்னதற்கு வாங்கிய அடியில் இரண்டு நாள் கையை மடக்க முடியாமல் இருந்தான். மூன்றாம் நாளிலிருந்து போகவில்லை. 'அடி வாங்கியதால் உருப்பட்டோம்' என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்வது நான் ஒருத்திதான்.

டீ குடிக்கும்போது அந்தப் பெண் என்னிடம் வந்தார். "நான் சொல்றதை நம்பாதீங்க டீச்சர். ஒரு நோட்டு போட்டு ஒரு மாசம் எழுதிப் பாருங்க. யாரை, எதுக்கு, எத்தனை அடி. அவ்வளவுதான்."

அவர் முகத்தில் கரி பூசுவதற்காகவே ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். ஒவ்வொரு அடியையும் ஒழுங்காகக் குறித்தேன். முதல் வாரம் ஐந்து பெயர். இரண்டாம் வாரம் அதே ஐந்து. மூன்றாம் வாரமும் அவர்களேதான். நாலாம் வாரம் பெயர் எழுதச் சலித்து, மேலே இருப்பதற்குக் கீழே மேற்படிக் குறி போட ஆரம்பித்தேன். ஒரே மாத்திரையை ஒரே நோயாளிக்குத் தினமும் கொடுத்து, தினமும் அதே காய்ச்சலோடு அவன் வந்து நிற்க, மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது என்று சொல்லும் டாக்டர் நான்தான்.

விடுவேனா? மாதத் தேர்வு இருந்தது. தேர்வில் கடைசியில் வந்த ஐந்து பேரை அடித்தேன். அடுத்த தேர்வில் நாலு பேர் மார்க் ஏறியிருந்தது. உடனே அந்தப் பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"இன்னொரு செக்ஷன் எடுக்கறீங்களே, அங்க கடைசி அஞ்சு பேர்?" என்று கேட்டார்.

அந்த வகுப்புத் தாளைக் கொடுத்த அன்று மணி அடித்துவிட்டது. அவசரத்தில் அடிக்க மறந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் அங்கேயும் நாலு பேர் ஏறியிருந்தார்கள். அடிமட்டத்துக்குப் போனவர்களில் பலர் அன்று ஏதோ தடுமாறிப் போனவர்கள். அடுத்த தடவை தானாகவே கொஞ்சம் மேலே வருவார்கள். உச்சியில் இருப்பவர் கொஞ்சம் இறங்குவார். சராசரிப் பாடம் நடத்தும் டீச்சருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வருடமாக, தானாக விடிந்த பொழுதையெல்லாம் என் சேவல் கூவியதால் விடிந்தது என்று நினைத்திருக்கிறேன்.

இதற்கும் அசையாத என்னை அசைத்தவர் தறிக்காரர்தான். பெண்ணின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்தவர் பெருமையாகச் சொன்னார்: "வூட்ல தம்பிக்கு இவதான் டியூஷன் எடுக்கறா டீச்சர். அப்பிடியே உங்கள உரிச்சி வெச்ச மாதிரி! ஸ்கேல எடுத்துகினு, 'கைய நீட்டுடா, திருப்புடா'ன்னு... அவன் அழுதா, 'வாய மூடு'ன்னு இன்னொன்னு வெப்பா. நாங்க சிரிச்சிகினு பாப்போம்."

தம்பிக்கு என்ன வயது என்று கேட்டேன். ஐந்து என்றார். முதலில் அந்த ஸ்கேலைப் பிடுங்கி வையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நோட்டில் இருந்த ஐந்து பெயரில் அவர் பெண்ணுடையதும் ஒன்று. நான் அவளுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தேனோ இல்லையோ, அடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்தை அவள் ஒரு தப்பும் இல்லாமல் கற்றிருந்தாள்.

மறுநாள் பிரம்பில்லாமல் வகுப்புக்குப் போனேன். நேர்மறை ஒழுங்கு என்றால் பாராட்டுவது என்று ஞாபகம். ஆகவே எல்லாரையும் எல்லாவற்றுக்கும் 'சூப்பர்' என்றேன். தப்பாகப் போட்டவளுக்கும் சூப்பர். பத்து நிமிடத்தில் பின் பெஞ்சில் கபடி ஆரம்பித்தது. ஒருத்தன் அக்கறையோடு, "டீச்சர், ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டான். வெள்ளிக்கிழமைக்குள் என் வகுப்புச் சத்தம் தெருவரை போனது. தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தார். ஆசிரியர் அறையில் என்னை 'அன்னை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மறுபடியும் போன். அந்தப் பெண் சிரிக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிரம்பை எடுத்துட்டு அந்த இடத்துல ஒன்னுமே வைக்கலியே டீச்சர். இது அவிழ்த்து விடறது இல்ல. நாலே நாலு விதி, அவங்களோட சேர்ந்து போடுங்க. மீறினா என்னன்னு முன்னாடியே சொல்லுங்க, தினமும் அதையே செய்யுங்க. அந்தத் தண்டனைக்கும் தப்புக்கும் சம்பந்தம் இருக்கணும். பாராட்டறப்ப எதைச் சரியா செஞ்சாங்கன்னு சொல்லுங்க. சும்மா சூப்பர்னா நாய்க்குட்டிக்குச் சொல்ற மாதிரி."

விதி போட்டோம். சத்தம் போட்டுப் பாடம் கெடுத்தவர் இடைவேளையில் உட்கார்ந்து, தவறவிட்ட கணக்கைப் போட வேண்டும். அடுத்தவர் பொருளைக் கெடுத்தவர் சரிசெய்து தர வேண்டும். வீட்டுப்பாடம் இல்லையென்றாலோ, பார்த்து எழுதியிருந்தாலோ, ஏன் என்று நேரில் வந்து சொல்ல வேண்டும். நாலாவதைப் பிள்ளைகளே போட்டார்கள்: யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, அடித்தவர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். 'யாரும்' என்ற சொல்லை எழுதும்போது என் பக்கம் திரும்பாமல் எழுதினார்கள். அடித்துப் பழகுவதற்கு எனக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. இதற்கு மூன்று மாதம் ஆனது. தொண்டை கட்டியது.

மூன்றாவது விதிப்படி தறிக்காரர் பெண் என் முன்னால் வந்து நின்றாள். அவள் நோட்டு எப்போதும் முத்து முத்தாக இருக்கும், எல்லாம் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதியது. பிடிபட்ட நாளில்தான் அடி வாங்குவாள்.

"ஏம்மா பாத்து எழுதற?"

"வகுத்தல் தெரியாது டீச்சர்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"எப்போலேர்ந்து?"

"அஞ்சாவதுலேர்ந்து."

"மூணு வருஷமா யாரையும் ஏன் கேக்கல?"

"கேட்டா, 'இது கூடத் தெரியாதா'ன்னு அடிப்பாங்க. நீங்களும் அடிப்பீங்க."

அடித்திருப்பேன். அதில் இரண்டாவது கருத்தே இல்லை. தெரியாததற்கு அடித்தேன், அதனால் தெரியாது என்று சொல்லப் பயந்தாள், அதனால் தெரியாமலே இருந்தாள், அதற்கும் அடித்தேன். மதிய உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம், மூன்று இலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுப்பதிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டு வாரம் கழித்து, என் அடி நோட்டில் இருந்த மற்ற நாலு பேரில் மூன்று பேர் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தன் மட்டும் வரவே இல்லை. அவனுக்கு என்ன செய்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிரம்புக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

தறிக்காரருக்கு வருத்தம். "இன்னா டீச்சர், கண்டிப்பு கொறஞ்சி பூட்ச்சேன்னு பேசிக்கிறாங்க. பொண்ணு இப்ப எதிர்த்து கேள்வி கேக்குது."

"கேக்கட்டுங்க. வூட்ல தம்பிக்கு டியூஷன் நடக்குதா?"

"நடக்குது. ஸ்கேலப் புடுங்கி வெச்சிட்டேன். நீங்க சொன்னீங்கன்னுதான். இப்ப அவன் ஓடாம ஒக்காந்துகினு கீறான்" என்றார், ஏதோ இழப்பைச் சொல்வதுபோல.

ஜனவரியில் நான் வழுக்கினேன். கண்ணமங்கலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த எரிச்சல், இரவெல்லாம் தலைவலி. யாரோ பின்னாலிருந்து விசிலடிக்க, பக்கத்தில் இருந்த பையன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். வகுப்பு பழையபடி மூச்சை அடக்கியது. அந்த அமைதி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை உணர்ந்தபோதுதான் பயந்தேன். விசிலடித்தது அவனும் இல்லை.

மறுநாள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பையன் குழம்பிப் போய், "பரவால்ல டீச்சர், வலிக்கல" என்றான். முன் பெஞ்சிலிருந்து தறிக்காரர் பெண் எழுந்தாள். "பொய் சொல்றான் டீச்சர். நேத்து ரீசஸ்ல அழுதான்." அவள் என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. விஷயம் ஆசிரியர் அறைக்குப் போனது. டீச்சர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு மாணவன் டீச்சர் நாற்காலியில் உட்காருவான் என்று உடற்கல்வி ஆசிரியர் எச்சரித்தார். இன்றுவரை நாற்காலி காலியாகவில்லை.

ஆண்டுத் தேர்வில் அந்தப் பெண் முதலிடம் வரவில்லை. நாற்பத்தாறு எடுத்தாள், அத்தனையும் அவளுடையது. வகுப்புச் சராசரியும் கொஞ்சம் ஏறியிருந்தது. அது என்னால்தான் என்று சொல்ல மாட்டேன், ஒரு வகுப்பை வைத்து அப்படிச் சொல்லக் கூடாது என்பதையாவது கற்றிருக்கிறேன்.

தலைமையாசிரியருக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "கணக்குல இந்த வருஷம் நல்ல ரிசல்ட். காரணம் ஒன்னே ஒன்னுதான், நம்ம பள்ளியோட கண்டிப்பு!" என்றார். பெற்றோர் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.