மாதம்மாள் கணக்கில் ஏறாத பணம்

தலைச்சோலை கந்தசாமிக்கு ஆங்கிலத்தில் வந்தது கையெழுத்து ஒன்றுதான். ஆனாலும் மனுஷன் காப்பிக்கொட்டையைப் பெல்ஜியத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து ஏற்காடு சுற்றிப் பார்க்க வந்த காப்பிக்கடைக்காரர் ஒருவர், தோட்டத்திலேயே ஒரு தம்ளர் குடித்துவிட்டுக் கொடுத்த ஆர்டர் அது. சரக்கு வந்ததும் பணம் என்று பேச்சு. விளைச்சல் பற்றவில்லை. பக்கத்துத் தோட்டத்து வீராயியிடம் நாலு மூட்டை வாங்கிச் சேர்த்தார். பணம் வந்ததும் தருகிறேன் என்று அவர் சொன்ன வாய்ச்சொல்லை நம்பி, வீராயி மகளுக்குக் கல்யாணத் தேதி குறித்துவிட்டாள்.

பணம் வந்தது. வந்த வேகத்தில் திரும்பியும் போனது. பில்லில் இருந்தது எஸ்டேட் பேர். கொடுத்திருந்த கணக்கு நம்பரோ மனைவி மாதம்மாளுடையது. பேரும் நம்பரும் ஒத்துப்போகாததால் இங்குள்ள பேங்க் திருப்பிவிட்டது. எஸ்டேட் கணக்கில் எது விழுந்தாலும் பயிர்க்கடனுக்குப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து அவர் செய்த சாமர்த்தியம் அது. மலையில் பாதிப் பேர் செய்வதுதான். உள்ளூர் வியாபாரி எந்தப் பேருக்கும் போட்டுவிடுவார், கடல் தாண்டி வரும் பணத்துக்கு அது நடக்காது.

ஏற்காடு பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் வெண்ணிலா, பணம் அனுப்பிய பெல்ஜியம் பேங்குக்கென்று கந்தசாமி தமிழில் எழுதிக் கொண்டுவந்த இரண்டு பக்கத்தையும் படித்தாள்.

"கடனுக்குப் புடிச்சுக்குவாங்கன்னு எழுதியிருக்கறனே கண்ணு, அதையும் போட்டுரு."

"அதெல்லாம் பெல்ஜியம் பேங்குக்காரனுக்கு எதுக்குங்க மாமா? அனுப்புன தேதி, ரெஃபரன்ஸ் நம்பர், திரும்புன காரணம், சரியான கணக்கு. அது போதுங்க."

அவர் கண்ணீரையெல்லாம் கழித்துவிட்டு எட்டே வரியில் ஆங்கில மெயில் போனது. தன் கஷ்டம் இவ்வளவு சின்னதா என்று கந்தசாமிக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த வாரம் பதில் வந்தது. கணக்கு வைத்திருப்பவர் சொன்னால்தான் மறுபடி அனுப்புவார்களாம். வெளியாளிடம் அவர் கணக்கைப் பற்றிப் பேச மாட்டார்களாம். உடனே வெண்ணிலா கடைக்காரருக்கு போன் போட்டாள். எடுத்தது அவர் மகள் சாரா. பேசப் பேச வெண்ணிலாவின் முகம் செத்துப்போயிற்று.

"பணம் அனுப்புன மறுநாளே அவிங்கப்பா மாரடைப்புல போயிட்டாருங்க மாமா. திரும்பி வந்ததே அவருக்குத் தெரியாது. கணக்கை பேங்க்ல முடக்கிட்டாங்களாம். கடை மேல நொம்பக் கடனாம். வக்கீலுக்கு எழுதிப் போடச் சொல்றாங்க, கெடைக்கும்னு சொல்ல முடியாதாம்."

ஒழுங்காக எஸ்டேட் நம்பரையே கொடுத்திருந்தால், கடனுக்குப் பிடித்தது போக மிச்சமாவது வீராயிக்கு ஆகியிருக்கும். கந்தசாமிக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வீராயி நின்றிருந்தாள்.

"ஏனுங்க, பதில் வந்துதுங்களா?"

சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

"அடப் பாவமே, நல்ல மனுசராட்டம் இருந்தாரே" என்றாள் வீராயி. செத்தவருக்காக நிஜமாகவே வருத்தப்பட்டாள். அப்புறம் கேட்டாள்.

"அப்ப என்ற மூட்டையை எப்பங்க திருப்பி அனுப்புவாங்க?"