மஹ்ஜபீனின் பழைய கேபிள்

மஹ்ஜபீனின் கைப்பேசியில் பாசிலின் எண் 'கரகர' என்ற பெயரில்தான் இருந்தது. அந்த எண்ணிலிருந்து அழைப்பு வருவதே இல்லை. ஆனாலும் அவள் அதை அழிக்கவில்லை. பழி தீர்க்க வேண்டிய ஆளை மறந்துவிடக் கூடாது என்பது அவள் கட்சி.

கடைகளுக்கு டிவி, ஸ்பீக்கர், கேமரா மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். வேனின் கூரையில் ஏணியைக் கட்டிக்கொண்டு கிள்ளான் நகர் முழுக்கத் தானே ஓட்டித் திரிவாள். அப்துல் ஜலீலின் உணவகச் சுவரில் பெரிய டிவியையும், பாட்டும் மெனுவும் ஓட அதன் பின்னால் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றையும் மாட்டியவள் அவள்தான். இரண்டுக்கும் நடுவே ஒரே எச்.டி.எம்.ஐ. கேபிள். படம், ஒலி இரண்டும் அதன் வழியேதான்.

சில நாளில் பாட்டின் நடுவே கரகரவென்று சத்தம் கேட்டது. காலையில் கடை திறந்ததும் போய்ப் பார்த்தாள். சுத்தமாகப் பாடியது. திரும்பத் திரும்பப் போனாள், எல்லாம் காலையில். ஒரு குறையும் சிக்கவில்லை.

அப்போதுதான் அதே தொழில் செய்யும் பாசில், ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "மலிவு கேபிள்லா. பொம்பள கை பட்ட ஒயர் இப்படித்தான் இரையும்."

சாப்பிட்டவர்கள் சிரித்தார்கள். ஜலீல் வேலையைப் பாசிலிடம் கொடுத்துவிட்டார். அந்தச் சொல் அவளுக்கு முன்னால் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் வரை போய்ச் சேர்ந்தது. கூப்பிட்டுக்கொண்டிருந்த உணவகங்கள் கூப்பிடுவதை நிறுத்தின. கெட்டது அவள் பெயர். அது திரும்ப வேண்டும், பாசிலின் வாயாலேயே வர வேண்டும் என்று மஹ்ஜபீன் காத்திருந்தாள்.

ஒருநாள் ஜலீலே அழைத்தார். "பாசில் கேபிள மாத்திக்கிட்டே இருக்கான்மா, சத்தம் போன பாடில்ல. நீ ஒரு தரம் வந்து பாரேன்."

"வரேன் அங்கிள். ஆனா பாசில் அண்ணனும் இருக்கணும்."

"மஃரிப் தொழுதுட்டு வரச் சொல்றேன்."

முதல்முறையாக மாலையில் போனாள். இரைந்துகொண்டிருந்த டிவியையும் கம்ப்யூட்டரையும் ஒருசேர அணைத்து எழுப்பிவிட்டு, தே தாரிக் தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டு சுத்தமாக ஓடியது. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னதும், கல்லாவில் இருந்தவர் வழக்கம்போல ரிமோட்டில் டிவியை அணைத்தார். பாங்கு முடிந்ததும் போட்டார். உடனே கரகர.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரவில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். காலையில் கம்ப்யூட்டரும் டிவியும் புதிதாக எழும்பும், சத்தம் வராது. பகலில் பாங்குக்காக டிவி மட்டும் அணைந்து எரிந்த பிறகுதான் இரைச்சல். காலையில் மட்டும் வந்தவளுக்கு அது எப்படிக் கேட்கும்?

கேபிளை அவள் தொடவே இல்லை. கம்ப்யூட்டர் செட்டிங்கில் ஒலியை வேறு வழிக்கு மாற்றி, மறுபடி டிவிக்கே திருப்பினாள். இரைச்சல் நின்றது. டிவியை அணைத்துப் போட்டாள். திரும்பி வந்தது. இனிச் சந்தேகமில்லை. டிவி மறுபடி எரியும்போது கம்ப்யூட்டர் அதனோடு புதிதாகப் பேசி, ஒலியின் வேகத்தைச் சொல்லும் எண்களைத் திரும்ப அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்த பழைய டிரைவர் மென்பொருள் படத்தை மட்டும் சரிசெய்துவிட்டு அந்த எண்களை விட்டுவிட்டது. வேகம் பொருந்தாததால் ஒலி அங்கங்கே அறுந்து வெடித்தது. இந்தப் பிழை திருத்திய புதிய டிரைவர் வந்திருந்தது. அதைப் போட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்து எழுப்பி, டிவியைப் பலமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். இரைச்சல் இல்லை.

பாசில் தொழுதுவிட்டு வந்தபோது அவள் சும்மா உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நான் போட்ட பழைய கேபிள் இருக்கா?"

ஸ்டோரில் வெங்காய மூட்டையைக் கட்டியிருந்த கேபிளை அவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். மஹ்ஜபீன் அதை வாங்கினாள். மெல்லத் துடைத்து, பாசிலிடம் நீட்டினாள்.

"பொம்பள கை படாம நீங்களே மாட்டுங்கண்ணே."

கடை முழுக்கப் பார்த்தது. ஜலீல் ஏணியைக் காட்டினார். பாசில் ஏறித் தன் கேபிளை உருவி அவளுடையதைச் செருகினான். பாட்டு சுத்தமாக வந்தது. அவளே ரிமோட்டை எடுத்து அணைத்தாள், போட்டாள், மறுபடி அணைத்தாள், போட்டாள். ஒரு பொட்டுச் சத்தமில்லை.

"இப்ப சொல்லுங்கண்ணே, இந்தக் கேபிள் எப்படி?"

"நல்ல கேபிள்தான்," என்றான் பாசில். அவன் குரல் எழும்பவில்லை.

"பின்னாடி மேசைக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னான். அவள் கேட்டுச் சுவைத்தாள். அவன் இறங்கி அருகே வந்தான். இதே வகைக் கம்ப்யூட்டரைத்தான் அவன் பிரிக்பீல்ட்ஸிலும் அம்பாங்கிலும் உணவகங்களுக்கு மாட்டியிருந்தான், அங்கேயும் பாங்கு முடிந்ததும் இதே இரைச்சல்.

"என்ன பண்ணுன?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

மஹ்ஜபீன் பையை எடுத்துக்கொண்டாள். "நீங்க அன்னிக்கே சொன்னீங்களேண்ணே. எல்லாம் கேபிள்தான்."

அவன் அம்பாங்கில் ஏணி போட்டுக் கேபிள் கேபிளாக மாற்றிக்கொண்டிருப்பதாக அடுத்த வாரம் ஜலீல் சொன்னார். அன்று மாலை, பாங்கு முடிந்த சற்று நேரத்தில், அவள் கைப்பேசியில் 'கரகர' என்று அழைப்பு வந்தது. மடியில் வைத்துக்கொண்டு, அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.