இல்லாத ஊர்களின் வழியே

விடைத்தாள் திருத்துவோருக்கான விதிகளில் ஒன்பதாவது இப்படிச் சொல்கிறது: வினா ஒரு முறையைப் பெயர் சொல்லிக் கேட்காதபோது, சரியான எந்த முறையில் விடை கண்டிருந்தாலும் முழு மதிப்பெண் தர வேண்டும். அந்த வாக்கியத்தை எழுதிய குழுவில், கணினித் துறைப் பேராசிரியனாக நானும் இருந்தேன். மூன்று கூட்டங்கள், பதினொரு திருத்தங்கள். அச்சான பிறகு அதை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

ஓய்வு பெற்றுச் செண்பகனூரில் குடியேறிய இரண்டாம் ஆண்டு, புரட்டாசி மழையில் ஒரு டீச்சர் என்னைத் தேடி வந்தார். பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் கணினி சொல்லித்தருபவர், முப்பத்தைந்து வயதிருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்த குடும்பம். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே தபால் வழியில் முதுகலை படித்து, ஒரே ஒரு தாளில் தோற்றிருந்தார். ஐப்பசிக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் தேர்ச்சியைக் காட்டினால் பள்ளியில் வேலை நிரந்தரம்; காட்டாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். மறுமதிப்பீட்டு மனு எழுதித் தரவேண்டும் என்றார். விடைத்தாளின் நகலையும் கொண்டுவந்திருந்தார்.

வினா எளியது. ஆறு ஊர்கள், நடுவே சாலைகள், ஒவ்வொரு சாலைக்கும் எடையாகப் பயண நேரம்: ஒன்று, இரண்டு அல்லது மூன்று மணி. முதல் ஊரிலிருந்து கடைசி ஊருக்குக் குறைந்த நேரத்தில் போகும் வழியை ஏற்ற முறையில் காண்க. நேர்ச்சாலைக்கு மூன்று மணி. இடையில் ஓர் ஊரைத் தொட்டுப் போனால் ஒன்றும் ஒன்றும் இரண்டு.

டீச்சர் அகலவாரித் தேடலில் போட்டிருந்தார். அது தொடங்கிய ஊரிலிருந்து சுற்றுக்கு ஒரு சாலையாக விரியும்; சாலைகளின் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், எடையைப் பார்க்காது. நேர்ச்சாலை ஒரே சாலை என்பதால் அதையே குறுகியது என்று சொல்லிவிடும். எடைகள் வேறுபட்டால் முன்னுரிமை வரிசை வேண்டும்: இதுவரை ஆன நேரம் எந்த ஊருக்குக் குறைவோ, அதை முதலில் எடுத்து விரிப்பது. போதாததற்கு, அவருடைய படத்தில் வினாவில் இல்லாத ஊர்கள் வேறு இருந்தன. திருத்தியவர் ‘படம் தவறு’ என்று எழுதிச் சுழியம் போட்டிருந்தார். என் காலத்தில் நானும் அதைத்தான் போட்டிருப்பேன், இன்னும் பெரிதாக.

“ஏம்மா, இந்த ஊரெல்லாம் எங்க இருந்து வந்துச்சு?”

“நானாப் போட்டதுங்க சார். ரெண்டு மணி நடைன்னா நடுவுல ஒரு கல்லு. மூணு மணின்னா ரெண்டு கல்லு. தோட்டத்துல லயத்துக்கு லயம், அதாங்க லைன் வீடுங்க, அப்படித்தான் உக்காந்து உக்காந்து போவோம். இப்ப எல்லா அடியும் ஒரே அளவுதானே?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. முதலில் கீழ்வரிசை யூகலிப்டஸ், பிறகு அதற்கு மேல் வரிசை, அதற்கு மேல் ஒரு வீடு. எந்தப் பக்கத்துக்கும் சலுகை இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் நகர்ந்தது. எதை எப்போது மூடியதோ அதுவே அதன் தூரம். டீச்சரின் படத்திலும் அதே பனி ஏறியது. முதல் சுற்றில் இடையூரும் நேர்ச்சாலையின் முதல் கல்லும் மறைந்தன. இரண்டாம் சுற்றில், நேர்ச்சாலைக்காரன் இரண்டாவது கல்லில் உட்கார்ந்திருக்கும்போதே, இடையூர் வழியாகப் பனி கடைசி ஊரைத் தொட்டுவிட்டது. இரண்டு மணி. முன்னுரிமை வரிசையிலும் போட்டுப் பார்த்தேன். ஆறு ஊருக்கும் அதே தூரங்கள்.

தோற்றுப்போக மனமில்லாமல், எடையை மணியில் கொடுக்காமல் வினாடியில் கொடுத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“அத்தனை கல்லு யாரு சொமக்கிறதுங்க? அப்ப முன்னுரிமை வரிசைதான். இதுல மூணுக்கு மேல இல்ல, வெரசா முடிஞ்சுது.”

அன்றே மனு எழுதினேன். ஒன்பதாம் விதி, இரண்டு முறைகளின் அட்டவணைகள், மூன்று பிரதிகள், பதிவுத் தபால். பத்து நாள் கழித்துப் பல்கலைக்கழகத் தேர்வு அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எழுத்தர் மரியாதையானவர்.

“அப்படி ஒரு விதி இருக்குங்களா சார்? எங்க கட்டுல எட்டோட நிக்குது.”

என் பிரதியின் ஒன்பதாம் விதிப் பக்கத்தை நகலெடுத்து அனுப்பினேன். அது எந்தப் பிரிவுக்குப் போகும், அங்கிருந்து எந்த மேசைக்கு, எங்கே எத்தனை நாள் தூங்கும் என்று எனக்கு மனப்பாடம். டீச்சர் வாரம் ஒருமுறை, பண்ணைக்காட்டு வளைவில் செல்போனுக்கு சிக்னல் வரும் இடத்தில் நின்று கூப்பிடுவார். காப்பிச் செடிகளின் மேல் மழை விழும் சத்தம் அவர் குரலுக்கு முன்னால் வரும். ஒன்றும் வரலைங்க என்பார். நானும் ஒன்றும் இல்லை என்பேன். பள்ளியில் அந்த இடத்துக்கு இன்னொருவர் விண்ணப்பம் கொடுத்துவிட்டதாக ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு, இங்க பனி ரொம்ப கெடக்குங்க சார் என்றார்.

மாற்றுமுறை ஏற்கப்பட்டது, முழு மதிப்பெண், தேர்ச்சி என்று ஒன்றரை வரியில் பதில் டீச்சர் கைக்கு வந்தது கெடுவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, பிற்பகல் தபாலில்.