நோக்க அறிக்கையின் மூன்றாம் பத்தி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை போகும், பிறகுதான் வாய். எங்கள் வீட்டு வழக்கம் அது. அப்பா டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். கையில் என்ன இருக்கிறதோ அதனால் அடிப்பார். அம்மாவுக்குக் கரண்டி போதும். அடித்த சூடு ஆறுவதற்குள் சாப்பிடக் கூப்பிடுவார்கள், நாங்களும் கன்னத்தைத் தடவிக்கொண்டே போய் உட்காருவோம். அடிப்பதும் ஒருவகைப் பேச்சு என்றே இருபத்து நான்கு வயதுவரை நினைத்திருந்தேன்.

அந்த வயதில்தான் டேட்டா சயின்ஸ் முதுகலைக்கு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். படித்தது உயிரியல். குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆய்வகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தேன். தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோயைப் பற்றிய ஆராய்ச்சி அது. விண்ணப்பத்துக்கு நோக்க அறிக்கை என்று ஒன்று கேட்பார்கள். நீ யார், இதுவரை என்ன செய்தாய், ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த இடம் என்று இரண்டு பக்கத்தில் சொல்ல வேண்டும். கூடவே, என்னை அறிந்த பேராசிரியர்கள் நேரடியாக அனுப்பும் சிபாரிசுக் கடிதம் இரண்டு. ஒன்றைக் கல்லூரியில் பாடம் நடத்திய மேடம் அனுப்பிவிட்டார். மற்றது ஆய்வகத்து சார் தர வேண்டியது. "உங்க அறிக்கையை அனுப்புங்க, அதைப் பாத்துட்டு எழுதறேனுங்க" என்றிருந்தார்.

என் முதல் வரைவைக் கல்லூரி சீனியர் ஒருத்தி படித்தாள். அதே படிப்பை அங்கே படித்துக்கொண்டிருந்தவள்.

"பயோடேட்டாவையே வாக்கியமா மாத்தி வெச்சிருக்கே. பைத்தான் கத்துக்கிட்டேன், புள்ளியியல் கத்துக்கிட்டேன், சரி. பயாலஜிக்காரி எதுக்கு இங்க வர்றே? அதுக்கு ஒரு சம்பவம் வேணும்" என்றாள்.

என்னிடம் ஒரு சம்பவம் இருந்தது.

ஆய்வகத்தில் நானும் என்னைவிட இரண்டு வயது சின்னவளான ஒரு பெண்ணும் இருந்தோம். தேவாலாக்காரி. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வளர்ந்து பட்டப்படிப்பு முடித்தவள். என்னை அக்கா என்பாள். மஞ்சூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் குறித்து வைத்த பாத்திகளில் நான் நூறு நூறு இலையாகப் பறித்து, கொப்புளம் விழுந்தவற்றை எண்ணுவேன். காற்றில் பறக்கும் பூஞ்சை வித்துகளைக் கண்ணாடித் தகட்டில் பிடித்து வருவேன். அவள் அதை மைக்ராஸ்கோப்பில் எண்ணி, தேதி, பாத்தி, மழை, இலை ஈரம், வித்து எண்ணிக்கை என்று வரிசையாக ஆன்லைன் ஷீட்டில் ஏற்றுவாள். இரண்டு பருவத்து உழைப்பு அந்த ஒரே ஷீட்டில் இருந்தது.

திட்ட ஆய்வுக் கூட்டத்துக்கு முதல் நாள் சார் வரைபடம் போட்டார். வித்து எண்ணிக்கை முதல் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை மேட்டில் ஏறும் ரோடு மாதிரி ஏறிக்கொண்டே போனது. மழையில்லாமல் பனி கொட்டும் ஜனவரியில்கூட ஏற்றம். பார்த்தவுடன் புரிந்தது. யாரோ ஷீட்டில் மேலிருந்து கீழாக ஓடும் அந்த ஒரு எண் பத்தியை மட்டும் சிறியது முதல் பெரியது என்று அடுக்கிவிட்டார்கள். மற்ற பத்திகள் அசையவில்லை. எந்த எண் எந்தத் தேதிக்கு, எந்தப் பாத்திக்கு என்ற உறவே அறுந்துபோயிருந்தது.

ஷீட்டில் ஏற்றுபவள் அவள். வேறு யாராக இருக்க முடியும்?

ஸ்டெரிலைஸ் செய்யும் அறையில் அவள் கண்ணாடித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னலைப் பிடித்து இழுத்தேன். தட்டுகள் விழுந்து உடைந்தன. "நான் இல்லக்கா" என்றாள். வாயில் அடித்தேன். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. மறுபடி "நான் தொடலக்கா" என்றாள். பொய் வேறு சொல்கிறாளா என்று வெறி ஏறியது. கையை விரித்து, முழு வீச்சில் இடது காதோடு சேர்த்து அறைந்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணாடிச் சில்லுகள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். விரலிடுக்கில் ரத்தம் வந்தது. அப்போதுகூட எனக்கு மனம் இறங்கவில்லை. மழையில் அட்டைக்கடி வாங்கி ஏறிய மேடுகள்தான் ஞாபகம் வந்தன.

சார் ஓடி வந்தார். அவளை ஜீப்பில் ஏற்றினார். ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார். "வெளிய தெரிஞ்சா லேப் பேரு கெட்டுடுங்க, ரெண்டு பேரும் அமைதியா இருங்க" என்றார். அடித்தவளிடமும் அடிபட்டவளிடமும் ஒரே குரலில் சொன்னார். காது ஜவ்வு கிழிந்து, சீழ் வைத்து, அவளுக்கு அந்தக் காது பாதியாகிவிட்டது. ஒரு மாதத்தில் வேலையை விட்டுப் போனாள். திட்ட அறிக்கையில் 'முன்னாள் உதவியாளரின் பதிவுப் பிழை, பின்னர் சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி சேர்ந்தது.

சரிசெய்தது நான். ஷீட்டின் பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகலாம் என்பது அன்று அந்த லேபில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கு ஷீட் என்பது கோடு போட்ட நோட்டு, அவ்வளவுதான். நனைந்து ஒட்டிப்போன களக் குறிப்பேடுகளையும் அவளுடைய மைக்ராஸ்கோப் நோட்டையும் பிரித்து, எண்களைத் திரும்ப ஏற்றி, பாத்தியையும் தேதியையும் வைத்துப் பொருத்த ஒரு புரோகிராம் எழுதக் கற்றேன். அங்கேதான் எனக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது. அது நிஜம்.

ஆகவே மூன்றாம் பத்தியில் எழுதினேன்: சக ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் இரண்டு பருவத் தரவு சிதைந்தது, நான் மீட்டேன். சீனியருக்குப் பிடித்துப்போனது. "எத்தனை வரிசை கெட்டுது, எப்ப கெட்டுது? துல்லியமா போடு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துல்லியம் தேடி அந்தப் பழைய ஷீட்டைத் திறந்தேன். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் மாற்ற வரலாறு இப்போது எனக்குப் பார்க்கத் தெரியும். தேதி தேதியாகப் பின்னால் போனேன். லேபின் பொதுக் கணக்குப் பெயரில் எல்லாம் ஒழுங்காக ஏறியிருந்தது. ஒரு சாயங்காலம் மட்டும் வேறொரு பெயர். வித்துப் பத்தி முழுவதும் நிறம் மாறி நின்றது. அந்தப் பெயர் என்னுடையது.

உடனே ஞாபகம் வந்தது. கூட்டத்துக்கு முந்தின வாரம், மஞ்சூரில் தங்கியிருந்த அறை. சார் போனில், "இதுவரைக்கும் ரொம்ப அதிகமான வித்து கவுன்ட் எவ்வளவுங்க?" என்றார். என் லேப்டாப்பில் அந்தப் பத்தியைத் தேர்ந்து அடுக்கினேன். கடைசி எண்ணைப் படித்துச் சொன்னேன். "வேகமா சொல்லிட்டீங்களே" என்று பாராட்டினார். மூடிவிட்டுத் தூங்கினேன்.

மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரைச் சுவரில் அடித்தேன். அது போதவில்லை. வலது கையைச் சுவரில் குத்தினேன். விரல் முட்டித் தோல் பெயரும்வரை குத்தினேன். அம்மா ஓடி வந்து, "என்ன பேய் புடிச்சிருக்குடி உனக்கு?" என்று என் முதுகில் நான்கு வைத்தாள்.

கையில் கட்டோடு மூன்றாம் பத்தியை மாற்றி எழுதினேன். பிழை என்னுடையது என்று எழுதினேன். அதற்காக ஒரு அப்பாவியை அடித்தேன் என்றும், அவள் காது போனது என்றும், தரவின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடம் இருக்க வேண்டும் என்பதை அதனால் கற்றேன் என்றும் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். முதல் வரைவைவிடப் பத்து மடங்கு நன்றாக இருந்தது. அவளிடம் காட்டி மன்னிப்புக் கேட்க, கூடலூர் போய் பஸ் மாறி தேவாலா போனேன்.

அவள் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே கொட்டும் மழை, தகரக் கூரை. வலது காதை என் பக்கம் திருப்பி நின்றாள். நான்தான் அந்தப் பத்தியை அடுக்கியது என்றும், முதல் வரைவில் அதை அவள் தப்பென்று எழுதியிருந்தேன் என்றும் சொன்னேன். மழைச் சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.  தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தாள், மூன்றாம் பத்தியை மட்டும் மறுபடியும் படித்தாள்.

பிறகு அறைந்தாள். நான் சுவரில் மோதி விழுந்தேன். எழுவதற்குள் இன்னொன்று விழுந்தது. மூக்கில் ரத்தம் உப்புக் கரித்தது.

"இது காதுக்கு இல்லக்கா" என்றாள். "காதுக்குன்னா உங்களைக் கொன்னிருப்பேன். இது இந்தப் பேப்பருக்கு. நானும்தான் இதே படிப்புக்கு வேற இடத்துல போட்டிருக்கேன். லேப் வேலையை விட்டு நடுவுல ஏன் நின்னேன்னு கேட்டாங்க. சாரு லெட்டர் தரல. பதிவுப் பிழை பண்ணின ஆளுக்கு எப்படித் தர்றதுன்னாரு. முதல்ல என் தப்பைச் சொல்லி சீட்டு கேட்டீங்க. இப்ப என் காதைச் சொல்லிக் கேக்கறீங்க."

 கன்னம் எரிந்தது, அதைவிட வெட்கம் எரிந்தது. அந்தப் பத்தி நன்றாக வந்திருக்கிறது என்று பஸ்ஸில் மூன்று முறை படித்து ரசித்தவள் நான்.

மறுநாள் காலை சாரின் அறையில் மாற்ற வரலாற்றின் அச்சுப் பிரதியை வைத்தேன். அவளுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன்.

"அவளுக்கு நல்லபடியா எழுதினா, ரிப்போர்ட்ல நான் போட்டது பொய்யாயிடுமுங்க. அப்புறம் யாரு பண்ணினதுன்னு கேப்பாங்க" என்றார்.

"நான்னு எழுதித் தர்றேன் சார்."

"தந்தா, உங்களுக்கு நான் லெட்டர் தர முடியாது. அடிச்சதும் வெளிய வரும். உங்க கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. யோசிச்சுக்குங்க."

இரும்பு ஸ்டேப்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் மண்டையில் அது இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன், சத்தத்தைக்கூடக் கேட்டேன். கட்டுப் போட்ட கையை மடியில் அழுத்திக்கொண்டு, ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன்.

நான்கு வரி எழுதினேன். பத்தியை அடுக்கியது நான். பழி போட்டது நான். வழுக்கி விழவில்லை, நான் அடித்தேன். காது போனது என்னால். கையெழுத்துப் போட்டு அவர் மேசையில் வைத்துவிட்டு, ஒரு பிரதியை அவளுக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் அவள் போட்டிருந்த பல்கலைக்கழகத்துக்கு அவளுக்கான கடிதம் போய்ச் சேர்ந்தது. என் விண்ணப்பத்தில் ஒரு கடிதம் வரவில்லை என்றே வெள்ளிக்கிழமைவரை காட்டிவிட்டு, பிறகு அந்தப் பக்கம் மூடிக்கொண்டது.

அந்த நான்கு வரியில் நான் எதையும் கற்றுக்கொண்டதாக எழுதவில்லை.